பித்தளைச் சொம்பும் மூன்று பழங்களும்: இருளிலிருந்து ஒளிக்கு, எண்ணெய் வண்ணத்தில் ஒரு செய்முறை

பித்தளைப் பாத்திரத்தை முதன்முதலாக வரைய அமர்பவர்கள் பெரும்பாலும் மஞ்சள் வண்ணத்தைத்தான் முதலில் பிதுக்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சொம்பு முழுவதையும் மஞ்சளால் நிரப்பி, ஓரத்தில் பழுப்பு நிழலிட்டு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன். வந்தது மஞ்சள் பூசிய மண்சட்டி. மெருகேறிய உலோகம் தன் எதிரில் இருப்பதைத்தான் நமக்குக் காட்டுகிறது என்பதும், இருண்ட பெட்டிக்குள் வைத்த பித்தளையின் எதிரில் இருப்பது பெரும்பாலும் இருள்தான் என்பதும் பிறகே விளங்கின. அத்தகைய சொம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அடர்பழுப்பாக இருக்கும். மஞ்சள் மீதிப் பங்கில்தான் தெரியும். உச்ச ஒளி ஓர் அரிசிமணி அளவுக்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்கு கண்ணில் பதிந்துவிட்டால் பித்தளை வரைவதில் பாதி வேலை முடிந்தது.

ஒளியையும் இருளையும் கடுமையாக மோதவிடும் இம்முறைக்கு இத்தாலிய மொழியில் கியாரோஸ்கூரோ என்று பெயர். ஒளி, இருள் என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. உருவ ஓவியத்தில் கரவாஜ்ஜோ இதை உச்சத்துக்குக் கொண்டுசென்றார். அசையாப் பொருள் ஓவியத்தில் நான் அடிக்கடி திரும்பிப் பார்ப்பது இரண்டு ஸ்பெயின் ஓவியர்களை. ஸுர்பரான் 1633-இல் வரைந்த எலுமிச்சை, ஆரஞ்சு, ரோஜா ஓவியத்தில் கருமையான பின்னணியிலிருந்து பழங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. உலோகப் பாத்திரங்களுக்கு மெலெந்தெஸ்தான் ஆசான். மத்ரித் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய 1772-ஆம் ஆண்டு ஓவியத்தில், ஒரு சால்மன் மீன் துண்டுக்கும் எலுமிச்சைக்கும் அருகே சமையலறைப் பாத்திரங்கள் இருக்கின்றன. அந்த ஓவியத்தின் படத்தைப் பெரிதாக்கி, உலோகத்தில் எவ்வளவு பகுதி உண்மையில் ஒளிர்கிறது என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

படி 1: பொருள்களை அமைத்தல்

ஏறக்குறைய 60 செ.மீ. உயரமுள்ள அட்டைப்பெட்டி ஒன்றின் முன்பக்கத்தைத் திறந்துவிட்டு, இடப்பக்கச் சுவரையும் வெட்டி எடுங்கள். உள்ளே கறுப்புப் பருத்தித் துணியை விரியுங்கள். பளபளக்கும் துணி வெளிச்சத்தைத் திருப்பியடித்து இருளைக் கெடுத்துவிடும். கீழே ஒரு பழைய மரப்பலகை போதும். இடப்பக்கம், பொருள்களைவிட உயரத்தில், 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை மேசை விளக்கில் பொருத்தி வையுங்கள். மஞ்சள் சாயலுள்ள பல்பாக இருக்கட்டும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, கான்வாஸின் மீது மட்டும் விழும்படி இன்னொரு சிறு விளக்கை வையுங்கள். அதன் வெளிச்சம் பொருள்களின் மேல் கசிந்தால் நிழல்கள் இரட்டிப்பாகி, முழு அமைப்பும் வலுவிழக்கும்.

நாம் வரையப்போவது ஒரு சொம்பு, ஒரு மாதுளை, இரண்டு எலுமிச்சை. சொம்பைப் புளி போட்டுத் துலக்கி, இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிடுங்கள். துலக்கியவுடனே வரைய அமர்ந்தால் அது கண்ணாடிபோல அறையையும் உங்கள் முகத்தையும்கூடக் காட்டும். சற்றே மங்கிய பித்தளையில் ஒளித்திட்டுகள் அகன்று, தொடக்கநிலையில் இருப்பவர் பின்தொடரக்கூடிய வடிவம் பெறும். சொம்பை மையத்துக்குச் சற்று வலப்பக்கம் வையுங்கள். மாதுளை இடப்பக்கம், கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். ஓர் எலுமிச்சையை, அதன் பிம்பம் சொம்பின் வயிற்றில் விழும் அளவுக்கு அருகே கொண்டுவாருங்கள். அந்தச் சிறு மஞ்சள் பிம்பம்தான் பழத்தையும் பாத்திரத்தையும் ஒரே இடத்தில் இருப்பவையாகக் காட்டும். மாதுளையை வெட்ட வேண்டாம்; வெட்டிய முகம் சில மணி நேரத்தில் உலர்ந்து நிறம் மாறிவிடும், நமக்கோ பல நாள் வேலை இருக்கிறது.

படி 2: கான்வாஸும் கோட்டோவியமும்

12 × 16 அங்குலக் கான்வாஸை எடுத்துக்கொண்டு, பர்ன்ட் அம்பர் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முழுவதும் பூசி, துணியால் சீராகத் துடைத்துவிடுங்கள். வெள்ளைப் பரப்பின் மேல் எந்த நிறமும் கருமையாகத் தோன்றும் என்பதால், அதில் தொடங்குபவர்கள் நிழலைத் துணிந்து ஆழமாக்குவதில்லை. நடுத்தரப் பழுப்புப் பரப்பு அந்தத் தயக்கத்தை நீக்கும். அது காய்ந்த பின், அதே வண்ணத்தைக் கொண்டு மெல்லிய தூரிகையால் வடிவங்களை வரையுங்கள்.

சொம்பைப் பொறுத்தவரை தவறு நடக்கும் இடம் அதன் வாய். முதலில் ஒரு செங்குத்து நடுக்கோடு போட்டு, இருபுறமும் சமமாக அளந்துகொள்ளுங்கள். வாயின் நீள்வட்டம் இரு முனைகளிலும் கூராகக் கூடாது, எவ்வளவு ஒடுங்கியிருந்தாலும் வளைந்தே திரும்ப வேண்டும். கண்மட்டத்திலிருந்து கீழே செல்லச்செல்ல நீள்வட்டம் அகலும் என்பதால், அடிப்பாகத்தின் வளைவு வாயின் வளைவைவிட அதிகமாக இருக்கும். வரைந்ததைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தால் கோணல் உடனே தெரிந்துவிடும்.

படி 3: ஒற்றை நிறத்தில் இருளும் ஒளியும்

இப்போதும் பர்ன்ட் அம்பர் ஒன்றுதான். கண்ணைப் பாதி மூடிப் பொருள்களைப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து, இருள் ஒரே பெரிய வடிவமாகவும் ஒளி சில தனித்தீவுகளாகவும் தெரியும். அந்தப் பெரிய இருளை, பின்னணியும் சொம்பின் வலப்பக்கமும் பொருள்களின் நிழல்களும் ஒன்றோடொன்று கலக்கும்படி, ஒரே தொடர்ச்சியாகப் பூசுங்கள். ஒளித்தீவுகளில் வண்ணத்தைத் துணியால் துடைத்து எடுங்கள்.

இந்த அடுக்கில் ஐவரி பிளாக் சேர்க்காதீர்கள். எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. அம்பரில் உள்ள மாங்கனீசு அந்த வினையை விரைவுபடுத்துவதால் மெல்லிய அடுக்கு இரண்டு மூன்று நாளில் தொடும் அளவுக்கு உலர்ந்துவிடும்; ஐவரி பிளாக்கோ எண்ணெய் மிகுந்தது, மெதுவாக உலர்வது. அது அடியில் ஈரமாக இருக்கும்போது மேலடுக்கு இறுகிவிட்டால் பின்னாளில் விரிசல் விழும். இதே காரணத்தால்தான் கீழடுக்கில் டர்பன்டைனும், மேலே போகப்போகச் சிறிது ஆளிவிதை எண்ணெயும் சேர்க்கிறோம்.

படி 4: பித்தளை

இருளிலிருந்து தொடங்குங்கள். பர்ன்ட் அம்பரோடு சிறிது அல்ட்ராமரைன் நீலம் கலந்தால் சொம்பின் மிக ஆழமான பகுதி, அதாவது கழுத்தின் கீழும் வலப்புறமும், கிடைக்கும். அதற்கு அடுத்த நிலைக்கு எல்லோ ஆக்கரோடு மிகக் குறைந்த அளவு ஐவரி பிளாக்கைக் கலக்குங்கள். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் பாசிப்பச்சை சாயல் வரும். வேறு இடத்தில் தொல்லையாகத் தோன்றும் அந்தப் பச்சைதான் பித்தளையைத் தங்கத்திலிருந்தும் செம்பிலிருந்தும் பிரித்துக் காட்டுகிறது. நடுநிலை ஒளிக்கு எல்லோ ஆக்கர் தனியாகவே போதும். ஒளி கூடும் இடங்களில் அதோடு லெமன் எல்லோவைச் சேருங்கள். வெள்ளையை இப்போதே கலந்தால் நிறம் சுண்ணாம்புபோல வெளிறிப்போகும்.

இந்த நிலைகளை ஒன்றோடொன்று தேய்த்து மென்மையாக்கும் ஆசை வரும். பழத்தில் அதைச் செய்யலாம், உலோகத்தில் கூடாது. உலோகத்தில் கருமையும் வெளிச்சமும் இடைநிலை அதிகமின்றிப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. சொம்பின் வயிற்றில் ஓர் ஒளிப்பட்டை, அதை ஒட்டியே ஓர் இருள்பட்டை என்று நீங்கள் காண்பதை அப்படியே தட்டையான திட்டுகளாக வைத்துவிட்டு, ஓரங்களை மட்டும் உலர்ந்த தூரிகையால் ஒருமுறை தொடுங்கள். பட்டைகள் பாத்திரத்தின் வளைவைப் பின்பற்ற வேண்டும். எலுமிச்சையின் பிம்பமும் வளைந்து நீண்டு, அசல் பழத்தைவிட ஒரு படி கருமையாகத்தான் இருக்கும்.

சொம்பின் நிழல் விளிம்பில், பலகையிலிருந்து எழும் மெல்லிய வெளிச்சம் ஒன்று தெரியும். அதைப் பிரகாசமாக்குவதுதான் நான் மற்றவர்களின் ஓவியங்களில் மிகுதியாகக் காணும் பிழை. எவ்வளவு கவர்ந்தாலும், ஒளிப்பக்கத்தின் மிக மங்கிய இடத்தைவிட அது கருமையாகவே இருக்க வேண்டும். கண்ணைப் பாதி மூடும்போது அந்தக் கீற்று மறையவில்லை என்றால் அதை அடக்குங்கள்.

கடைசியாக உச்ச ஒளி. டைட்டானியம் ஒயிட்டில் துளி லெமன் எல்லோ கலந்து, எண்ணெய் சேர்க்காமல் தடிமனாக எடுத்து, விளக்கின் பிம்பம் தெரியும் இடத்தில் ஒரே தொடுதலில் வையுங்கள். சுற்றிலும் அழுத்தமான மஞ்சள் ஒரு வளையம்போல இருக்கட்டும்.

படி 5: பழங்கள்

இங்கே ஒளி வேறு விதமாக நடந்துகொள்கிறது. பித்தளை தான் திருப்பியனுப்பும் ஒளிக்குத் தன் நிறத்தை ஏற்றுகிறது. பழத்தோலின் மெழுகுப் பரப்போ விளக்கின் ஒளியை நிறம் மாற்றாமல் அனுப்புகிறது. ஆகவே மாதுளையின் மினுக்கம் சிவப்பாக இருக்காது, விளக்கின் நிறத்தில், சற்றே மஞ்சள் தோய்ந்த வெள்ளையாக இருக்கும். அது சொம்பின் உச்ச ஒளியைவிட மங்கலாகவும் பரந்தும் இருக்கட்டும். இல்லையெனில் பழம் பீங்கான்போலத் தோன்றும்.

மாதுளைக்கு அலிசரின் கிரிம்சனும் பர்ன்ட் சியன்னாவும் போதும். ஒளிப்பக்கத்தில் வெள்ளைக்குப் பதில் எல்லோ ஆக்கரைச் சேருங்கள், ஏனென்றால் சிவப்போடு வெள்ளை சேர்ந்தால் ரோஜா நிறமாகிவிடும். எலுமிச்சையின் நிழலில், பித்தளைக்கு உதவிய அதே கறுப்பைச் சேர்த்தால் பழுத்த காய் பச்சையாகிவிடும். எல்லோ ஆக்கரும் பர்ன்ட் அம்பரும் அங்கே சரியாக இருக்கும்.

படி 6: விளிம்புகளைத் தொலைத்தல்

சொம்பின் வலப்பக்க விளிம்பும் பின்னணியும் ஏறக்குறைய ஒரே கருமையில் இருந்தால், அந்தக் கோட்டை ஈரமாக இருக்கும்போதே துணியால் ஒருமுறை தடவி அழித்துவிடுங்கள். பாத்திரத்தின் வடிவம் பார்ப்பவரின் மனத்தில் தானே நிறைவு பெறும். கூர்மையான விளிம்புகள் ஒளிப்பக்கத்து வாயிலும் முன்னால் உள்ள எலுமிச்சையிலும் மட்டும் இருக்கட்டும்.

உலர்ந்த பிறகு

சில நாளில் கரும்பகுதிகள் ஆங்காங்கே மங்கி, சாம்பல் பூத்ததுபோலத் தெரியலாம். அடிப்பரப்பு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டதால் வருவது இது. உறுதிசெய்துகொள்ள, அந்த இடத்தில் வாயால் ஊதி ஈரப்படுத்துங்கள். கணநேரம் கருமை திரும்பினால் வண்ணத்தில் குறையில்லை. தொடும் அளவுக்கு உலர்ந்த ஓவியத்தின் மங்கிய இடத்தில் ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, மிகுதியைத் துணியால் ஒற்றி எடுத்தால் ஆழம் மீளும். இதைச் செய்யாமல், மங்கலை நம்பி மேலும் கறுப்பு பூசினால் இருள் தட்டையாகிவிடும்.

எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் கூடையில் போடாதீர்கள். இறுகும்போது எழும் வெப்பம் உள்ளேயே தங்கி அவை தாமாகத் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடிய தகரத்தில் வையுங்கள். வார்னிஷ் பூசுவதற்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். சொம்பின் உச்ச ஒளியில் தடிமனாக வைத்த அந்த அரிசிமணி அளவு வெள்ளைதான் கடைசியாக இறுகும் என்பதால், நகநுனியால் அதை மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு வார்னிஷ் டப்பாவைத் திறங்கள்.