இரவில் மட்டும் நெட் மெதுவாகிறதா? ஆதாரம் திரட்டுவது இப்படி

பகலில் நன்றாக ஓடும் நெட் இரவு எட்டு மணிக்கு மேல் தவழ்ந்தால், அக்கம்பக்கத்துக்குப் பொதுவான தடம் நிரம்பியிருக்க வாய்ப்பு அதிகம். கேபிளோ ஃபைபரோ, பல வீடுகள் ஒரே தடத்தைப் பங்கிடுகின்றன. எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரத்தில் டேட்டா வரிசையில் நிற்கிறது. புகார் செய்தால், "உங்க வைஃபைதான் பிரச்சினை" என்பார்கள். ஸ்பீடு டெஸ்ட் படத்தை வைத்து அதை மறுக்க முடியாது. தாமதம் எந்த இடத்தில் என்று அது காட்டாது. ஒரு கருவிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வர எடுக்கும் நேரத்தை அளக்கும் பிங் அதைக் காட்டும்.

1. கணினியை ரவுட்டருடன் கேபிளில் இணையுங்கள். வைஃபை என்ற சாக்கு அங்கேயே அடிபட்டுப்போகும். சோதிக்கும் நேரத்தில் வீட்டில் வேறு யாரும் நெட்டைப் பயன்படுத்தக் கூடாது. நம் வீட்டு டவுன்லோடே பிங்கை ஏற்றிவிடும்.

2. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, கூகுளின் சர்வரான 8.8.8.8-க்குப் போகும் வழியைக் காட்ட இதைக் கொடுங்கள்:

```
tracert -d 8.8.8.8
```

வழக்கமாக முதல் வரி உங்கள் ரவுட்டர், இரண்டாவது நெட் நிறுவனத்தின் முதல் கருவி. அங்கே நட்சத்திரக் குறிகள் மட்டும் வந்தால் அடுத்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

3. அந்த இரண்டு முகவரிகளையும் கீழே உள்ள முதல் இரண்டு முகவரிகளுக்குப் பதிலாக எழுதி, மதியமும் இரவும் ஓட்டுங்கள்:

```
echo %date% %time% >> net.txt
ping -n 100 192.168.1.1 >> net.txt
ping -n 100 10.20.0.1 >> net.txt
ping -n 100 8.8.8.8 >> net.txt
```

ஒரு வாரமாவது தொடருங்கள். ஒருநாள் கணக்கைத் தற்செயல் என்று தள்ளிவிடுவார்கள்.

4. `Average`, `Lost` இரண்டையும் பாருங்கள். உதாரணமாக, மதியம் மூன்று முகவரிகளுக்கும் முறையே 1, 6, 12 மில்லிசெகண்ட், இழப்பு இல்லை. இரவு 9 மணிக்கு 1, 85, 92; கடைசி முகவரிக்கு இழப்பு 4 சதவீதம். ரவுட்டர் அசையவில்லை, அதைத் தாண்டிய முதல் அடியிலேயே நெரிசல். இதுவே 1, 6, 90 என்று வந்தால் தெருத் தடம் நன்றாக இருக்கிறது, சிக்கல் அதற்கு அப்பால். ரவுட்டருக்கே எகிறினால் கோளாறு வீட்டுக்குள்.

ஓர் எச்சரிக்கை: நிறுவனத்தின் கருவிகள் சில, வேலை மும்முரத்தில் பிங்குக்குத் தாமதமாகப் பதில் தரும், அல்லது தராது. நடு வரியில் மட்டும் எகிறி, 8.8.8.8 சீராக இருந்தால் அதைக் குறையாகக் காட்டாதீர்கள். உங்கள் மொத்த ஆதாரமும் பலவீனமாகிவிடும்.

5. தேதி, நேரம், மூன்று சராசரிகள், இழப்பு ஆகியவற்றை ஓர் அட்டவணையாக்கி, net.txt கோப்பையும் இணைத்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மதியம் வரும் டெக்னீஷியனுக்கு லைன் சரியாகத்தான் தெரியும். ஆகவே அந்த இரவு நேரங்களில் உங்கள் பகுதித் தடம் எவ்வளவு நிரம்பியிருந்தது என்ற பயன்பாட்டு வரைபடத்தைப் பார்த்துப் பதில் தரும்படி கேளுங்கள்.