இருப்பு குறையாமலேயே மிகைப்பற்று வட்டி வந்தால்: அறிக்கையின் மூன்று தேதிகளைப் படிக்கும் முறை

வங்கிக் கணக்கு அறிக்கையில் ஒரே வரிக்கு இரண்டு அல்லது மூன்று தேதிகள் அச்சிடப்பட்டிருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். இருப்பு ஒரு நாளும் பூஜ்யத்துக்குக் கீழே போகாதபோதும் மிகைப்பற்று வட்டி, அதாவது ஓவர்டிராஃப்ட் வட்டி, பிடிக்கப்பட்டிருந்தால், அதற்கான விடை பெரும்பாலும் இந்தத் தேதிகளுக்கு இடையில்தான் இருக்கும்.

முதலில் எந்தத் தேதி எதைச் சொல்கிறது என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். பரிவர்த்தனைத் தேதி என்பது நீங்கள் காசோலையைச் செலுத்திய அல்லது பணம் அனுப்பிய நாள். பதிவுத் தேதி என்பது வங்கி அதைத் தன் பேரேட்டில் ஏற்றிய நாள். அறிக்கையில் வரிகள் அடுக்கப்படுவதும், வலப்பக்கத்தில் ஓடும் இருப்பு கணக்கிடப்படுவதும் பொதுவாக இந்த வரிசையில்தான். மதிப்புத் தேதி என்பது அந்தத் தொகை வட்டிக் கணக்கில் சேரத் தொடங்கும் நாள். சில அறிக்கைகளில் இது 'வேல்யூ டேட்' என்றே இருக்கும். சுருக்கமான அறிக்கையில் இந்தப் பத்தி இல்லையென்றால், அது உள்ள விரிவான அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். அது இல்லாமல் கீழே உள்ள கணக்கைப் போட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தொடக்க இருப்பு 10,000. மிகைப்பற்று வரம்பு 50,000. அதற்கான வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு. 6ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலையில், வேலை நேரம் முடிந்த பிறகு, 60,000க்கான காசோலை ஒன்று கணக்கில் செலுத்தப்படுகிறது. வங்கி அதைத் திங்கட்கிழமை, 9ஆம் தேதி, பதிவு செய்து, 11ஆம் தேதியை மதிப்புத் தேதியாகக் குறிக்கிறது. அதே திங்கட்கிழமை கணக்கிலிருந்து 50,000 வெளியே போகிறது. அந்தப் பற்றுக்கு மூன்று தேதிகளும் 9தான்.

ஓடும் இருப்பைப் பார்த்தால் 9ஆம் தேதி 70,000 ஆகி, பிறகு 20,000இல் நிற்கிறது. இப்போது அதே வரிகளை மதிப்புத் தேதிப்படி ஒரு தாளில் மீண்டும் எழுதி, ஒவ்வொரு நாளின் முடிவிலும் இருப்பு என்ன என்று குறியுங்கள். 9ஆம் தேதி 10,000இலிருந்து 50,000 போனால் 40,000 குறைவு. 10ஆம் தேதியும் அதே குறைவு. 11ஆம் தேதி காசோலைத் தொகை சேர்ந்து 20,000 ஆகிறது. ஆக, 40,000க்கு இரண்டு நாள் வட்டி:

```
40,000 × 2 × 12 ÷ (100 × 365) = 26.30
```

அறிக்கையில் எங்குமே தெரியாத அந்தக் குறைவுக்குத்தான் இந்த 26.30. இருப்புக்கு வட்டி தரும் கணக்காக இருந்தாலும் இதே விதிதான்: காசோலைக்கான வட்டி 6ஆம் தேதியிலிருந்தோ 9ஆம் தேதியிலிருந்தோ அல்ல, 11ஆம் தேதியிலிருந்தே தொடங்கும்.

காசோலை தீர்வு, அதாவது காசோலைக்கான பணம் எழுதியவரின் வங்கியிலிருந்து உண்மையில் வந்து சேர்வது, வேறு கேள்வி. அதையும் மதிப்புத் தேதியையும் ஒன்றாக நினைப்பதுதான், என் பார்வையில், தொடக்கத்தில் நேரும் பெரிய குழப்பம். 9ஆம் தேதி அந்த 50,000ஐ அனுமதிக்கலாமா என்று முடிவு செய்யும்போது, வங்கி ஓடும் இருப்பைப் பார்ப்பதில்லை. தீர்வு பெற்ற தொகையையும் வரம்பையும் கூட்டி வரும் 'பயன்படுத்தக்கூடிய இருப்பு' என்பதைத்தான் பார்க்கிறது. இங்கே அது 10,000உம் 50,000உம் சேர்ந்து 60,000 என்பதால் பணம் போய்விட்டது. வரம்பே இல்லாத கணக்காக இருந்தால், அறிக்கையில் 70,000 என்று காட்டியிருந்தாலும் அந்தப் பற்று திருப்பப்பட்டிருக்கும். மதிப்புத் தேதியும் தொகை விடுவிக்கப்படும் நாளும் பல நேரங்களில் ஒன்றாக அமைந்தாலும், மதிப்புத் தேதி வந்த பிறகும் வங்கி தொகையை நிறுத்தி வைக்கக்கூடும் என்பதால், பெரிய தொகை அனுப்பும் முன் பயன்படுத்தக்கூடிய இருப்பைத் தனியே பாருங்கள்.

கடைசியாக, திரும்பி வந்த காசோலையைச் சரிபாருங்கள், ஏனெனில் பிழை ஒளிந்திருக்க ஏற்ற இடம் அதுதான். மேற்கண்ட காசோலை 12ஆம் தேதி திரும்பிப் பதிவாகிறது என்று கொள்வோம். வரவுக்கு 11 என்று மதிப்புத் தேதி கொடுத்திருந்தால், திருப்பும் பற்றுக்கும் 11 என்றே இருக்க வேண்டும். அப்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்து, காசோலையே வராதது போல வட்டி கணக்கிடப்படும். பற்றுக்கு மட்டும் 9 என்று போட்டிருந்தால், வராத 60,000ஐ இரண்டு நாள் நீங்கள் கடன் வாங்கியதாகக் கணக்கு ஆகி, 39.45 கூடுதலாகப் பிடிக்கப்படும். அந்த இரு வரிகளையும் அருகருகே குறிப்பிட்டு, மதிப்புத் தேதி பொருந்தவில்லை என்று வங்கிக்கு எழுதுங்கள். வங்கி பிழையை ஒப்புக்கொண்டால், பழைய மதிப்புத் தேதியுடன் புதிய பதிவு ஒன்று பிந்தைய அறிக்கையில் வரும். ஓடும் இருப்பில் பழைய நாட்கள் மாறாமலே இருக்கும் என்பதால், அந்த வரியின் மதிப்புத் தேதியைப் பார்த்தே திருத்தத்தை அடையாளம் காண முடியும்.