ஒரே ஆர்டருக்கு நான்கு இன்வாய்ஸ்: வெப்ஹூக்கிலும் போலிங்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பாயான் லெப்பாஸில் ஒரு தம்பி தான் எழுதிய நிரலைக் காட்டினார். இணையக் கடையில் ஆர்டருக்குப் பணம் கட்டியதும் வெப்ஹூக் வரும். உடனே கணக்கு மென்பொருளில் வாடிக்கையாளரைத் தேடும், இன்வாய்ஸ் போடும், பணம் வந்ததைப் பதியும். எல்லாம் முடிந்த பிறகு கடைக்கு 200 என்று பதில் சொல்லும். ஏழு வருடத்துக்கு முன் நான் எழுதியதும் இதேதான், வரிசைகூட மாறவில்லை. அன்று அது எனக்கு என்ன செலவு வைத்தது என்பதை அவரிடம் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

வெப்ஹூக் என்றால் ஏதாவது நடந்தவுடன் கடைத்தளமே நம் சர்வரைக் கூப்பிட்டுச் சொல்வது. போலிங் என்றால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று நேரம் வைத்து நாமே போய், "புதிதாக ஏதாவது உண்டா?" என்று கேட்பது. புதிதாக வருகிறவர்கள் எது சிறந்தது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கணக்கைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டில் எதை எடுத்தாலும் ஒரே ஆர்டர் உங்களிடம் ஒரு முறைக்கு மேல் வந்தே தீரும்.

## வெப்ஹூக் வந்த இடத்திலேயே இன்வாய்ஸ் போடுவது

ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார் பக்கம் ஒரு சேலைக் கடைக்கு இந்த இணைப்பைச் செய்து கொடுத்திருந்தேன். சாதாரண நாட்களில் பதினைந்து, இருபது ஆர்டர் வரும். மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை 64 ஆர்டர் வந்தது. திங்கள் காலை கடைக்கார அக்கா போன் செய்தார். "தம்பி, சனிக்கிழமை வியாபாரம் பதினாறாயிரத்துக்கு மேல் என்று கணக்கு காட்டுது. பணம் வந்தது பன்னிரண்டாயிரம்கூட இல்லையே?"

திறந்து பார்த்தேன். 64 ஆர்டருக்கு 91 இன்வாய்ஸ். உண்மையான விற்பனை 11,840 ரிங்கிட், ஏட்டில் இருந்தது 16,870 ரிங்கிட். பதினேழு ஆர்டர்களுக்கு இரண்டும் மூன்றுமாக இன்வாய்ஸ் விழுந்திருந்தது, அதில் இரண்டு ஆர்டருக்கு நான்கு. எல்லாவற்றுக்கும் பணம் வந்துவிட்டதாகவும் பதிவாகியிருந்தது.

காரணம் இதுதான். வெப்ஹூக் அனுப்பிய தளம் பதிலுக்காக வெகுநேரம் காத்திருக்காது. ஷாப்பிஃபை தரும் நேரம் ஐந்து விநாடி. அதற்குள் 200 வரவில்லை என்றால் தோல்வி என்று எடுத்துக்கொண்டு அதே செய்தியை மறுபடி அனுப்பும். இப்போதைய விதிப்படி நான்கு மணி நேரத்துக்குள் எட்டு முறை வரை முயலும். என் நிரலோ ஒவ்வொரு ஆர்டருக்கும் கணக்கு மென்பொருளை மூன்று முறை கூப்பிட்டது. அமைதியான நாட்களில் இரண்டு, மூன்று விநாடியில் முடிந்த வேலை அந்தச் சனிக்கிழமை ஏழு, எட்டு விநாடி எடுத்தது. கடைத்தளம் ஐந்தாவது விநாடியில் இணைப்பைத் துண்டித்துவிட்டது. என் நிரலுக்கு அது தெரியாது, தன் வேலையை ஒழுங்காக முடித்து இன்வாய்ஸைப் போட்டுவிட்டது. அப்புறம் அதே செய்தி மீண்டும் வந்தது, மீண்டும் இன்வாய்ஸ். யாருக்கும் எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. கணக்கு மென்பொருளின் கண்ணில் அவை எல்லாமே முறையான இன்வாய்ஸ்கள்.

சுத்தம் செய்ய இரண்டு இரவுகள் ஆயின. அந்த மென்பொருளில் பணம் பெற்ற பதிவை நீக்கினால்தான் இன்வாய்ஸை ரத்து செய்ய முடியும். அதை 27 முறை செய்தோம், ஒவ்வொன்றுக்கும் எது உண்மையான பிரதி என்று பார்த்துப் பார்த்து. இன்று இது நடந்தால் இன்னும் மோசம். தனித்தனியாக இ-இன்வாய்ஸ் அனுப்பும் கடையாக இருந்தால், மைஇன்வாய்ஸில் சரிபார்க்கப்பட்ட பிறகு ரத்து செய்ய 72 மணி நேரம்தான் உண்டு. சனிக்கிழமை காலை விழுந்ததை செவ்வாய் மதியம் கண்டுபிடித்தால் கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் தொகுத்து அனுப்பும் கடையாக இருந்தால், இரட்டை இன்வாய்ஸ்கள் அந்தத் தொகைக்குள் சேர்ந்துவிடும், பிறகு பிரித்தெடுப்பது கஷ்டம்.

என் முதல் திருத்தமும் தவறு. அதையும் இன்று பலரிடம் பார்க்கிறேன். இன்வாய்ஸ் போடுவதற்கு முன், "இந்த ஆர்டர் எண்ணில் ஏற்கெனவே உண்டா?" என்று கணக்கு மென்பொருளில் தேடச் செய்தேன். ஆனால் ஆர்டர் உருவானது, பணம் கட்டியது என்று இரண்டு செய்திகள் அரை விநாடி இடைவெளியில் வருவது சகஜம். இரண்டும் ஒரே நேரத்தில் தேடும், இரண்டுக்கும் "இல்லை" என்றே பதில் வரும், இரண்டும் இன்வாய்ஸ் போடும். செய்தியின் அடையாள எண்ணை வைத்துத் தடுத்தாலும் போதாது. மறுபடி அனுப்பிய அதே செய்தியை அது பிடிக்கும். ஒரே ஆர்டரைப் பற்றிய வேறு செய்திக்கு எண்ணும் வேறு.

தடுக்க வேண்டியது கணக்கில் நடக்கும் செயலை. ஓர் ஆர்டருக்கு ஓர் இன்வாய்ஸ்தான், ஒரு ரீஃபண்டுக்கு ஒரு கிரெடிட் நோட்தான். அந்தக் காவலை நம் சொந்த டேட்டாபேஸிடம் கொடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் அது இப்படி இருக்கும்.

```sql
CREATE TABLE posting (
  order_id   BIGINT,
  action     VARCHAR(40),
  status     VARCHAR(20),
  invoice_no VARCHAR(40),
  UNIQUE (order_id, action)
);

INSERT INTO posting (order_id, action, status)
VALUES (10482, 'invoice', 'pending')
ON CONFLICT DO NOTHING;
```

வெப்ஹூக் வந்ததும், அது கடைத்தளம் அனுப்பியதுதான் என்று காட்டும் கையொப்பத்தைச் சரிபார்த்து, இந்த ஒரு வரியை எழுதி, உடனே 200 சொல்லிவிடுங்கள். ஒரு விநாடிகூட ஆகாது. பத்து முறை வந்தாலும் வரி ஒன்றுதான், இரண்டாவதை டேட்டாபேஸே ஏற்காது. ரீஃபண்டுக்கு `action` பகுதியில் `refund-` என்று தொடங்கி அந்த ரீஃபண்டின் எண்ணைச் சேர்த்து எழுதுங்கள். அப்போது ஒரே ஆர்டருக்கு இரண்டு தடவை பகுதிப் பணம் திருப்பினாலும் இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

இன்வாய்ஸ் போடும் வேலை தனியாக ஓடும் இன்னொரு நிரலுக்கு. அது `pending` வரிகளை ஒவ்வொன்றாக எடுக்கும். வெப்ஹூக்கில் வந்த தொகையை நம்பாமல், கடையிடமே அந்த ஆர்டரை மறுபடி கேட்டு வாங்கும். செய்திகள் நடந்த வரிசையில்தான் வரும் என்று எந்த உறுதியும் இல்லை, மாற்றிய ஆர்டரின் பழைய வடிவம் பின்னால் வரலாம். வெப்ஹூக்கைக் கதவு மணியாக மட்டும் வையுங்கள். மணி அடித்தால் கதவைத் திறந்து யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது போல.

இன்னும் ஒரு சிறிய ஓட்டை இருக்கிறது. இன்வாய்ஸ் போட்டாகிவிட்டது, ஆனால் `done` என்று குறிக்கும் முன் சர்வர் நின்றுவிட்டது. மறுபடி எழுந்தால் அந்த வரி இன்னும் `pending`. அதனால் இன்வாய்ஸ் எண்ணை மென்பொருள் தானாகக் கொடுக்க விடாமல், ஆர்டர் எண்ணிலிருந்தே `INV-10482` என்று வையுங்கள். போடும் முன் அந்த எண்ணைத் தேடுங்கள். இப்போது ஒரே ஒரு நிரல்தான் இன்வாய்ஸ் போடுகிறது, ஆகவே இந்தத் தேடல் நம்பத்தக்கது. ஒரே எண்ணில் இரண்டாவது இன்வாய்ஸை உங்கள் மென்பொருள் மறுக்கிறதா என்று சோதனைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். எல்லா மென்பொருளும் மறுப்பதில்லை.

## போலிங்கில் நேரத்தைத் தவறாக வைப்பது

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூஜைப் பொருள் கடைக்குப் போலிங் மட்டும்தான் போட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது ஆர்டர்தான். கணக்கில் பதினைந்து நிமிடம் தாமதமாக ஏறினால் ஒரு நஷ்டமும் இல்லை. இந்த அளவுக் கடைக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. வெளியிலிருந்து வரும் அழைப்புக்காக எப்போதும் விழித்திருக்கும் சர்வர் வேண்டாம், கையொப்பம் வேண்டாம்.

ஆனால் கேட்கும் கேள்வி சரியாக இருக்க வேண்டும். வூகாமர்ஸில் அது இப்படி இருக்கும்.

```
GET /wp-json/wc/v3/orders?modified_after=2025-10-18T15:50:00&dates_are_gmt=true&per_page=100
```

இதில் உருவான நேரத்தை வைத்துக் கேட்டால், வியாழன் போட்ட ஆர்டரைச் சனிக்கிழமை ரத்து செய்தது உங்களுக்குத் தெரியவே வராது. மாறிய நேரத்தை வைத்துக் கேளுங்கள். மேலே 15:50 என்பது நம் ஊரில் இரவு 11:50. `dates_are_gmt` என்பதை விட்டுவிட்டு கடையின் உள்ளூர் நேரத்தையும் யுடிசியையும் கலந்தால், எட்டு மணி நேர ஆர்டர்கள் காணாமல் போகும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் திரும்பத் திரும்ப வரும். நூறு ஆர்டருக்கு மேல் இருந்தால் அடுத்த பக்கத்தையும் கேட்க வேண்டும், அது தானாக வராது.

அடுத்த முறை எங்கிருந்து கேட்பது? பலர் ஓட்டம் முடிந்த நேரத்தைக் குறித்து வைக்கிறார்கள். ஓட்டம் 12:00க்குத் தொடங்கி 12:02க்கு முடிந்தது, ஓர் ஆர்டர் 12:01க்கு மாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஓட்டம் அதைப் பார்த்திருக்காது, அடுத்த ஓட்டம் 12:02க்குப் பிந்தியதைத்தான் கேட்கும். வந்த ஆர்டர்களிலேயே கடைசி `date_modified_gmt` எது என்று குறித்து, அதிலிருந்து பத்து நிமிடம் பின்னால் போய்க் கேளுங்கள். அந்தப் பத்து நிமிட ஆர்டர்கள் மறுபடி வரும், வரட்டும். மேலே சொன்ன அதே அட்டவணை வழியாகத்தான் இவையும் போகின்றன.

## வெப்ஹூக் நின்றுபோனதைக் கவனிக்காதது

வூகாமர்ஸில் ஒரு வெப்ஹூக் தொடர்ந்து ஐந்து முறைக்கு மேல் தோற்றால் தளமே அதை முடக்கிவிடும். சர்வர் சரியான பிறகும் அது தானாக உயிர் பெறாது, கையால் திரும்ப இயக்க வேண்டும். ஷாப்பிஃபையில் நான்கு மணி நேரம் கடந்தால் அந்தச் செய்தி போனதுதான். சனி இரவு பன்னிரண்டுக்கு விழுந்த சர்வரை ஞாயிறு காலை ஏழுக்குப் பார்த்தால், நடுவில் வந்த சில ஆர்டர்கள் கணக்குக்கு வரவே வராது.

அதனால் வெப்ஹூக் வைத்தாலும் இரவில் ஒருமுறை போலிங் ஓட வேண்டும். கடந்த மூன்று நாளில் மாறிய ஆர்டர்களை எல்லாம் எடுத்து அதே அட்டவணையில் போடும். அப்புறம் பணம் கட்டிய ஆர்டர்களின் எண்ணிக்கையையும் தொகையையும் இன்வாய்ஸ்களோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் மட்டும் மின்னஞ்சல் அனுப்பும். அந்தச் சேலைக் கடையில் இது அன்றே இருந்திருந்தால் ஞாயிறு காலையிலேயே 64, 91 என்ற இரண்டு எண்களும் என் கண்ணில் பட்டிருக்கும்.

## கையொப்பம்

வெப்ஹூக் செய்தியின் உடல் எப்படி வந்ததோ அப்படியே வைத்துக் கையொப்பத்தைக் கணக்கிடுங்கள். ஜேசனாகப் பிரித்துத் திரும்பக் கோர்த்தால் பொருந்தாது.

## மூடிய மாதத்தில் எழுதப் பார்ப்பது

கணக்காளர் செப்டம்பரைப் பூட்டிவிட்டார், அக்டோபர் 6ஆம் தேதி செப்டம்பர் ஆர்டர் ஒன்றுக்கு ரீஃபண்டு வருகிறது. கிரெடிட் நோட்டுக்கு ஆர்டர் தேதியைப் போட்டால் மென்பொருள் மறுக்கும், நிரல் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். ரீஃபண்டு நடந்த தேதியைப் போடுங்கள். அப்படியும் மறுத்தால் வரியை `held` என்று குறித்துக் கணக்காளரிடம் விட்டுவிடுங்கள். பூட்டைத் திறந்து எழுதும் உரிமையை நிரலுக்குக் கொடுக்காதீர்கள்.