1/V வரைபடத்தில் எல்லாப் புள்ளிக்கும் ஒரே மதிப்பா?

பாயில் விதிச் சோதனையில் 1/V-ஐ அழுத்தத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். இங்கே சிங்கப்பூரில் நான் பாடம் சொல்லித்தரும் ஜூனியர் கல்லூரி மாணவர்கள் பலர் அடுத்ததாக எக்செல் கோட்டைப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கோடு எல்லாப் புள்ளிகளையும் சமமாக நம்புகிறது. தவறு அங்கேதான்.

சிரிஞ்சில் படிக்கும் கன அளவு V-இன் பிழை எங்கும் ±0.5 மி.லி. என்று வையுங்கள். தலைகீழாக்கினால் பிழை 0.5/V² ஆகிவிடும். 50 மி.லி.யில் அது 0.0002, 10 மி.லி.யில் 0.005, அதாவது 25 மடங்கு. ஒரு புள்ளியின் பிழை σ என்றால் அதன் எடை 1/σ² என்பதால், 50 மி.லி. புள்ளிக்கு 625 மடங்கு அதிக எடை தரவேண்டும். தராவிட்டால், வரைபடத்தின் உச்சியில் இருக்கும் அந்த 10 மி.லி. புள்ளியே சாய்வை இழுத்துவிடும்.

```python
c, C = np.polyfit(p, 1/V, 1, w=V**2/0.5, cov="unscaled")
```

கவனம்: `polyfit`-இல் `w` என்பது 1/σ, 1/σ² அல்ல. இரண்டாவதைக் கொடுத்தால் எச்சரிக்கையே வராது, விடை மட்டும் மாறும். சாய்வின் பிழை `C[0,0]`-இன் வர்க்கமூலம்.

அழுத்தமானியின் பிழை மிகச் சிறியதாக இருக்கும்வரைதான் இது செல்லும். பிறகு (புள்ளி − கோடு)/σ வரைந்து பாருங்கள். பெரும்பாலானவை ±2-க்குள் சிதறிக் கிடக்கவேண்டும். வில்லாக வளைந்தால், குழாயில் தங்கிய காற்றின் கன அளவை V-யுடன் கூட்ட மறந்திருக்கலாம்.