தொராசிக் டக்டை வரைந்து மார்பு உடற்கூறியல் வினாக்களுக்கு விடை காணும் முறை

ஊட்டியிலும் குன்னூரிலும் மருத்துவமும் செவிலியமும் முதலாண்டு படிக்கும் மாணவர்கள், உதரவிதானத்தின் துளைகளை ஒரு பட்டியலாகவும், மீடியாஸ்டைனத்தில் உள்ளவற்றை இன்னொரு பட்டியலாகவும், தொராசிக் டக்டின் பாதையை மூன்றாவது பட்டியலாகவும் மனப்பாடம் செய்வதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். இந்த மூன்றையும் இணைக்கும் உறுப்பு ஒன்று இருக்கிறது; அது, நிணநீரை இரத்தத்தில் சேர்க்கும் குழாயான தொராசிக் டக்டுதான். அதன் பாதையைக் கீழிருந்து மேலாக ஒரு தாளில் வரைந்துவிட்டால், மற்ற இரண்டு பட்டியல்களில் பெரும்பகுதி அந்தப் பாதையின் ஓரத்திலேயே வந்து அமர்ந்துவிடும்.

முதல் படி: முள்ளெலும்புகளை வரைதல்

தாளின் நடுவில் முதுகெலும்பை நெடுக வரைந்து, கீழே 2-ஆம் இடுப்பு முள்ளெலும்பிலிருந்து மேலே 7-ஆம் கழுத்து முள்ளெலும்பு வரை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி உங்களைப் பார்த்து நிற்பதாகக் கொள்வதால், அவருடைய வலப்பக்கம் தாளில் உங்கள் இடது கைப்பக்கம் வரும். இந்த விஷயத்தில் வலம், இடம் மாறினால் விடை முழுவதும் மாறிவிடும் என்பதால், இரு பக்கங்களையும் பெயரிட்டு எழுதிவிடுவது நல்லது.

இரண்டாம் படி: மூன்று துளைகள்

8-ஆம் மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில், நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம், உதரவிதானத்தின் மையத் தசைநாணில் கீழ்ப் பெருஞ்சிரையின் துளை இருக்கிறது. வலது ஃபிரெனிக் நரம்பின் கிளைகளும் இதன் வழியே செல்கின்றன. 10-ஆவது மட்டத்தில், நடுக்கோட்டுக்குச் சற்று இடப்பக்கம், தசைப்பகுதியில் உணவுக்குழாயின் துளை இருக்கிறது. இரண்டு வேகஸ் நரம்புத் தண்டுகளும், இடது இரைப்பை நாளங்களின் உணவுக்குழாய்க் கிளைகளும் அதனோடு செல்கின்றன. 12-ஆவது மட்டத்தில் பெருந்தமனியின் துளை.

ஒவ்வொரு துளையும் எதனால் சூழப்பட்டிருக்கிறது என்பதைக் கவனித்தால், மூச்சிழுக்கும்போது என்ன நடக்கும் என்ற வினாவுக்கும் விடை கிடைக்கும். தசைநாண் நாற்புறமும் இழுக்கப்படுவதால் சிரையின் துளை விரிகிறது. இரத்தம் இதயத்துக்குத் திரும்புவது எளிதாகிறது. தசையால் சூழப்பட்ட உணவுக்குழாயின் துளை இறுகுகிறது. இரைப்பையில் உள்ளது மேலேறாமல் இருக்க அது துணைசெய்கிறது. பெருந்தமனியோ உண்மையில் உதரவிதானத்தைத் துளைத்துச் செல்வதில்லை. அதற்குப் பின்னால், முதுகெலும்புக்கும் உதரவிதானத்தின் இரு கால்களை இணைக்கும் நாருக்கும் இடையில் செல்கிறது. ஆகவே நாம் மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் அது நசுங்குவதில்லை.

மூன்றாம் படி: டக்டின் தொடக்கம்

1, 2-ஆம் இடுப்பு முள்ளெலும்புகளின் முன்னே, பெருந்தமனியின் வலப்பக்கத்தில் ஒரு சிறிய பையை வரையுங்கள். இதுவே சிஸ்டெர்னா கைலை. கால்கள், இடுப்பு, வயிறு ஆகியவற்றின் நிணநீரும், குடல் உறிஞ்சிய கொழுப்பும் இங்கே சேர்கின்றன. இதிலிருந்து மேலேறும் டக்ட், 12-ஆவது மட்டத்தில் பெருந்தமனியின் துளை வழியே மார்புக்குள் நுழைகிறது. அவ்விடத்தில் நோயாளியின் வலமிருந்து இடமாக எழுதவேண்டிய வரிசை: அசைகஸ் சிரை, தொராசிக் டக்ட், பெருந்தமனி. டக்ட் நடுவில் இருக்கிறது என்பதை அடிக்கோடிட்டு வையுங்கள். கடைசிப் படியில் இது தேவைப்படும்.

நான்காம் படி: பின் மீடியாஸ்டைனத்தில் ஏறுதல்

மீடியாஸ்டைனம் என்பது இரண்டு நுரையீரல் உறைகளுக்கும் இடைப்பட்ட பகுதி. மார்பெலும்பின் கோணத்திலிருந்து 4-ஆம் மார்பு முள்ளெலும்பின் கீழ்விளிம்பு வரை ஒரு கோடு இழுத்தால், அதற்கு மேலுள்ளது மேல் மீடியாஸ்டைனம். கீழுள்ள பகுதியில் இதயமும் அதன் உறையும் இருக்குமிடம் நடு மீடியாஸ்டைனம். அதன் முன்னே இருப்பது முன் மீடியாஸ்டைனம், பின்னே இருப்பது பின் மீடியாஸ்டைனம்.

நம் டக்ட் பின் மீடியாஸ்டைனத்தில், நடுக்கோட்டின் வலப்பக்கமாக, முள்ளெலும்புகளின் மேல் படிந்தவாறு ஏறுகிறது. இப்போது அதைச் சுற்றியுள்ளவற்றை எழுதுங்கள். முன்னால் உணவுக்குழாயும் அதைப் பற்றிய வேகஸ் நரம்புப் பின்னலும். இடப்பக்கம் இறங்கு பெருந்தமனி. வலப்பக்கம் அசைகஸ் சிரை. பின்னால் குறுக்கே செல்லும் வலது விலா இடைத் தமனிகளும் ஹெமிஅசைகஸ் சிரைகளின் முடிவுப் பகுதிகளும். பின் மீடியாஸ்டைனத்தில் உள்ளவை எவை என்ற வினாவுக்கான விடை ஏறக்குறைய முழுமையாக இங்கேயே வந்துவிட்டது. ஸ்பிளாங்னிக் நரம்புகளையும் நிணநீர் முடிச்சுகளையும் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இடப்பக்கம் மாறுதல்

5-ஆம் மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் டக்ட் உணவுக்குழாயின் பின்னால் சாய்வாகக் கடந்து இடப்பக்கம் வருகிறது. பெரும்பாலான வினாக்கள் இந்த ஒரு திருப்பத்தைச் சுற்றியே அமைகின்றன. அதன்பின் அது மேல் மீடியாஸ்டைனத்தில், உணவுக்குழாயின் இடது விளிம்பை ஒட்டி, முதலில் பெருந்தமனி வளைவின் பின்னும் பிறகு இடது சப்கிளேவியன் தமனியின் பின்னும் ஏறிக் கழுத்தை அடைகிறது. 7-ஆம் கழுத்து முள்ளெலும்பின் மட்டத்தில் வெளிப்புறமாக வளைந்து இறங்கி, இடது சப்கிளேவியன் சிரையும் இடது உள் ஜுகுலர் சிரையும் சேருமிடத்தில் திறக்கிறது. தலை, கழுத்து, மார்பு ஆகியவற்றின் வலப்பாதியும் வலக்கையும் தவிர உடலின் மற்ற எல்லாப் பகுதிகளின் நிணநீரும் இதன் வழியே இரத்தத்தில் கலக்கிறது.

ஆறாம் படி: ஒரு வினாவில் பயன்படுத்திப் பார்த்தல்

வினா இவ்வாறு வருவதாகக் கொள்வோம். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு, 58 வயது, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் இருந்த புற்றுநோய்க் கட்டி அறுவை மூலம் அகற்றப்பட்டது. சில நாட்கள் கழித்துக் குழாய்வழி உணவு தொடங்கியதும், வலது மார்பில் நீர் வடியப் பொருத்திய குழாயில் அதுவரை வெளிர்மஞ்சளாக வந்த நீர் பால்போல் வெண்மையாகி, நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் வருகிறது. காயம் பட்டது எது, எந்த மட்டத்தில், எங்கே கட்டவேண்டும்?

வெண்மை உணவுக்குப் பின் தோன்றியதால் அது குடலிலிருந்து வரும் கொழுப்பு. ஆகவே காயம் பட்டது தொராசிக் டக்ட். படத்தைப் பாருங்கள்: 5-ஆவது மட்டத்துக்குக் கீழே டக்ட் வலப்பக்கம் இருப்பதால், அங்கே கிழிந்தால் கசிவு பெரும்பாலும் வலது நுரையீரல் உறையான புளூராவின் இடைவெளியில் சேரும், அதற்கு மேலே கிழிந்தால் இடப்பக்கம் சேரும். ஆகவே காயம் 5-ஆவது மட்டத்துக்குக் கீழே, உணவுக்குழாயின் பின்னால்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பட்டினி இருக்கும் நோயாளியிடம் கசிவு வெண்மையாக இராது என்பதால், நிறத்தை மட்டும் நம்பி இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. சீழும் பார்வைக்கு வெண்மையாக இருக்கலாம் என்பதால், நிறத்தை மட்டும் நம்பி உண்டு என்றும் சொல்லிவிடக் கூடாது. சுழற்றிப் பிரித்தால் சீழ் அடியில் தங்கி மேல்நீர் தெளியும். கொழுப்பு நீரோ கலங்கலாகவே நிற்கும். ட்ரைகிளிசரைடு ஒரு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஐயம் பெரிதும் உறுதிப்படும்; கைலோமைக்ரான்கள் தென்பட்டால் முடிவாகும். மேலும், டக்டின் பாதை எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை; சிலருக்கு அது இரண்டாகப் பிரிந்தும் ஓடும். பக்கத்தை வைத்து மட்டத்தைக் கணிப்பது வழக்கமான அமைப்புக்கே பொருந்தும்.

கட்டவேண்டிய இடத்துக்கு மூன்றாம் படியில் அடிக்கோடிட்ட வரிசையே விடை. கொழுப்பைக் குறைத்த உணவும் சிரைவழி ஊட்டமும் பயன்தராமல் கசிவு தொடர்ந்தால், அறுவை மருத்துவர் வலது மார்பின் வழியே சென்று, உதரவிதானத்துக்குச் சற்று மேலே, அசைகஸ் சிரைக்கும் பெருந்தமனிக்கும் இடையிலுள்ள திசு முழுவதையும் சேர்த்துக் கட்டுகிறார். கிழிந்த இடத்தைத் தேடாமல் அங்கே கட்டுவதற்குக் காரணம், டக்ட் மேலே எத்தனை கிளைகளாகப் பிரிந்திருந்தாலும், பெருந்தமனியின் துளையைக் கடந்துவரும் அந்த இடத்தில் அது பெரும்பாலும் அவ்விரண்டுக்கும் நடுவிலேயே இருக்கும் என்பதுதான்.