டேபிள் ரீடிங்: ஷூட்டிங்குக்கு முன்னால் வசனத்தை வாய்விட்டுப் படித்து நேரம் பார்ப்பது எப்படி?

எட்டு நிமிடக் குறும்படம், மூன்று சீன், வசனம் முழுக்க லொக்கேஷனிலேயே ரெக்கார்டு ஆகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது சீன் காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நடக்கிறது. வேலைக்குப் போகும் மகனை வழியனுப்பக் குடியாத்தத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார். இந்த ஒரு சீனை வைத்தே முழு முறையையும் பார்க்கலாம்.

"ஒரு பக்கம் ஒரு நிமிடம்" என்ற கணக்கை நம்பி உட்கார வேண்டாம். அது ஆங்கிலத் திரைக்கதையை கூரியர் எழுத்தில், 12 பாயின்ட் அளவில், அதற்கென்று உள்ள ஓர அளவுகளோடு டைப் செய்யும்போது தோராயமாகப் பொருந்துவது. தமிழில் ஒவ்வொருவரும் ஒரு ஃபான்ட்டில், ஒரு அளவில் எழுதுகிறோம். அதனால் கையில் ஸ்டாப்வாட்ச் எடுப்பதுதான் வழி.

முதலில் தயார் செய்ய வேண்டியவை

பாத்திரத்துக்கு ஒருவர், காட்சி விவரணையைப் படிக்க ஒருவர், நேரம் குறிக்க ஒருவர். எழுதியவர் எந்த வசனத்தையும் படிக்கக் கூடாது. எங்கே மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லை அழுத்த வேண்டும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் இடறுகிற வரி கூட அவர் வாயில் வழுக்கிக்கொண்டு போய்விடும். அவர் வேலை கேட்பது மட்டும்.

ஆளுக்கொரு பிரதி, 14 பாயின்ட்டில், தாளின் ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் எடுங்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் வரிசை எண் போடுங்கள். "அந்தக் கடன் பத்திப் பேசுற இடம்" என்று தேடுவதைவிட "27" என்று சொல்வது வேகம். ஸ்டேப்ளர் அடிக்காமல் தனித்தனித் தாளாக விட்டால் புரட்டும் சத்தம் குறையும். படிப்பதை போனில் ரெக்கார்டு செய்துகொள்ளுங்கள். போனை வெறும் மேஜையில் வைத்தால் கை தட்டுவதெல்லாம் இடி மாதிரி விழும். அடியில் மடித்த துண்டு ஒன்று போதும். வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாது, போனை ஃபேன் காற்று நேராகப் படாத ஓரத்தில் வையுங்கள்.

முதல் வாசிப்பு: நிறுத்தாமல்

விவரணை, வசனம் இரண்டையும் சேர்த்து, ஆரம்பம் முதல் கடைசி வரை படியுங்கள். நடுவில் யாரும் திருத்தக் கூடாது, விவாதிக்கக் கூடாது. புதியவர்கள் செய்தி வாசிப்பது போல ஓடுவார்கள். வீட்டில் பேசும் வேகம் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நன்றாக நடிப்பவர்கள் மட்டுமே கூடினால் அதுவும் சிக்கல், மோசமான வரியையும் நடிப்பால் தூக்கி நிறுத்திவிடுவார்கள். நடிப்புப் பழக்கமில்லாத ஒருவராவது இருக்கட்டும்.

எழுதியவர் பென்சிலில் மூன்று குறிகள் மட்டும் போட்டால் போதும். படிப்பவர் தடுமாறினால் ஒரு கோடு. எழுதியிருப்பதை விட்டு வேறு சொல்லைச் சொல்லிவிட்டால் வட்டம். கேட்பவர்கள் பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் கேள்விக்குறி. வட்டம்தான் மூன்றிலும் மதிப்பானது. "வந்துகொண்டிருக்கிறேன்" என்று தாளில் இருக்க, படிப்பவர் தன்னை அறியாமல் "வந்துகினு இருக்கேன்" என்று சொன்னால், அந்தப் பாத்திரம் பேச வேண்டிய பேச்சு அதுதான். ஆனால் படிப்பவர் இந்தப் பக்கத்து ஆளா என்று பாருங்கள். மதுரைக்காரர் மாற்றிச் சொன்ன சொல்லைக் குடியாத்தத்து அம்மாவுக்குக் கொடுத்துவிட முடியாது.

கோடு விழுந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். தமிழில் பேச்சுவழக்கை எழுதும்போது எழுத்தே தடுக்கிவிடும். ஒரு பக்கத்தில் "போவல", அடுத்த பக்கத்தில் "போகலை" என்று இருந்தால் கண் தயங்கும், குற்றம் வசனத்தில் இல்லை. இதைப் பிரித்தறிய ஒரு சோதனை: தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, அதே வரியை நினைவிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். தடையில்லாமல் வந்தால் எழுத்தை மட்டும் ஒரே மாதிரி ஆக்குங்கள். அப்போதும் இடறினால் வரியையே மாற்ற வேண்டும்.

ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம்

27-வது வசனம், மகன் சொல்வது:

"அம்மா, நீங்கள் எனக்காக இவ்வளவு தூரம் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் நான் இந்த வேலைக்குப் போகாவிட்டால் அண்ணன் வாங்கிய கடனை யார் கட்டுவார்கள்?"

வாய்விட்டுப் படித்தால் பத்து விநாடிக்கு மேல் போகும். "தெரியும்" வரும்போது மூச்சு முடிந்துவிடும், கேள்வி காற்றில்லாமல் விழும். தன் அம்மாவை "நீங்கள்" என்று அழைப்பது இந்த வீட்டுப் பேச்சு இல்லை. பெரிய கோளாறு வேறு: அம்மாவுக்கே தெரிந்ததை அம்மாவிடமே சொல்கிறான். அது பார்வையாளருக்காக எழுதிய தகவல். அந்தத் தகவலை அதைச் சொல்லக் காரணம் உள்ளவரிடம் கொடுங்கள்.

மகன்: "எதுக்கும்மா இந்த வெயில்ல?"
அம்மா: "குடியாத்தம் பஸ்ல நின்னுகினே வந்தேன்டா."
மகன்: "நான் போவலன்னா அண்ணன் கடன யாரும்மா கட்றது?"

மூன்று வரி ஆகியும் நேரம் குறைந்திருக்கும். அம்மா கேள்விக்குப் பதில் சொல்லாமல் தன் பாட்டைச் சொல்வதால், வழியனுப்ப வந்தாலும் மகனை அனுப்ப அவருக்கு மனமில்லை என்பதும் கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

இரண்டாவது வாசிப்பு: நேரம் பார்க்க

திருத்திய பிறகு, விவரணையை விட்டுவிட்டு வசனங்களை மட்டும் சீன் சீனாகப் படித்து நேரம் எடுங்கள். விவரணையைச் சேர்த்துப் படித்த நேரம் படத்தின் நேரம் ஆகாது. "ரயில் வந்து நிற்கிறது" என்று படிக்க இரண்டு விநாடி. திரையில் அது எத்தனை விநாடி என்பது நீங்கள் எடுக்கும் முடிவு. "அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து ஊட்டுகிறார்" என்பதை ஒருவர் எழுந்து நிஜமான டிபன் பாக்ஸோடு செய்து பார்க்கட்டும், வாட்ச் ஓடட்டும்.

நமது சீனில் கணக்கு இப்படி வருகிறது என்று வையுங்கள். வசனம் 2 நிமிடம் 25 விநாடி. ரயில் வருவது 15, டிபன் பாக்ஸ் 20, ஏறி உட்காருவது 25, ஆக செயல்கள் 1 நிமிடம். சீன் மொத்தம் 3 நிமிடம் 25 விநாடி. இதற்கு ஒதுக்கியது 3 நிமிடம் என்றால் 25 விநாடி அதிகம்.

இந்த 25 விநாடியை வேகமாகப் பேசி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பிளாட்பாரத்தில் அறிவிப்பு ஒலிக்கும்போது நடிகர்கள் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார்கள், மேஜையில் வந்ததைவிட நேரம் கூடத்தான் செய்யும். வெட்டுவதை வசனத்தில் தேடுங்கள். முதலில் சீனின் ஆரம்ப நலம் விசாரிப்புகள், அடுத்து ஒருவர் சொன்னதையே மற்றவர் திருப்பிச் சொல்லும் வரிகள், பிறகு மூச்சுக்கு மூச்சு வரும் "அம்மா", "டேய்" விளிகள். பெரும்பாலும் இந்த மூன்றிலேயே 25 விநாடி கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் ஒரு செயலை எடுத்துவிடுங்கள். டிபன் பாக்ஸை ஊட்டாமல் கையில் கொடுத்து அனுப்பினாலும் சீன் நிற்கும்.

இரண்டு நாள் கழித்து, மாற்றிய வரிகளை மட்டும், முன்பு படிக்காத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறாத பிரதியில் தேதி போட்டு, ஒவ்வொரு சீன் தலைப்புக்குப் பக்கத்திலும் அதன் நேரத்தை எழுதி, நடிகர்களுக்கும் சவுண்ட் ரெக்கார்டிஸ்டுக்கும் கொடுங்கள். பழைய பிரதிகளைக் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் லொக்கேஷனில் ஒருவர் பழைய 27-ஐ மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்பார்.