போட்ட காசைக் கணக்கில் சேர்க்காதீங்க

மாட்டுத்தாவணி பக்கம் நண்பர் ஒருவர் டிபன் கடைக்கு இரண்டாவது கிளை திறந்தார். இன்டீரியர், அடுப்பு, மேஜை எல்லாம் சேர்த்து 12 லட்சம், அட்வான்ஸ் 3 லட்சம். ஒரு வருஷமாக மாத விற்பனை 1.80 லட்சம், சரக்கு, சம்பளம், வாடகை, கரண்ட் சேர்த்து செலவு 2.20 லட்சம். “12 லட்சம் போட்டாச்சே, இன்னும் ஆறு மாசம் பார்ப்போம்ணே” என்றார்.

அந்த 12 லட்சம் செலவானது ஆனதுதான், கடை ஓடினாலும் மூடினாலும் அது மாறாது. பேங்க் தவணையும் அப்படித்தான், எப்படியும் கட்டணும். இரண்டையும் தள்ளிவிட்டுப் பார்த்தோம். இன்றே மூடினால் அட்வான்ஸ் 3 லட்சம், பழைய சாமானுக்கு 2 லட்சம், ஆக 5 லட்சம் கைக்கு வரும். இதே நிலையில் ஆறு மாசம் ஓட்டினால் 2.40 லட்சம் கூடுதலாகப் போகும், சாமான் விலையும் இறங்கும். விற்பனை ஏறும் என்பதற்கு ஆசையைத் தவிர அவரிடம் காரணம் எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்க: வாடகை ஒப்பந்தத்தில் லாக்-இன், அதாவது இத்தனை மாசம் காலி பண்ணக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், மூடினாலும் அந்தக் காலம் முடியும்வரை வாடகை போகும். அப்போது வாடகையையும் தள்ளிவிட்டுத்தான் கணக்குப் போடணும். சில சமயம் அதுவரை ஓட்டுவதே லாபம்.